எவருக்கும் பாரமில்லாத சவரிராயன்

மாமனார் இறந்து பதினொரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து சீலா மீனைக் கழுவிக்கொண்டிருந்த ரெஜினாவுக்கு, அந்த மனிதர் தன் மாமனாரே இல்லை என்று செய்தி வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்துப் படித்தாள். இறந்தவர்களுக்கு நினைவுப் பக்கம் நடத்தும் 'நினைவில்லம்' செயலி அனுப்பியிருந்தது.

"வணக்கம் ரெஜினா. நீங்கள் சேர்த்த 'தலையணை உறைக்குள் அல்வா' என்ற நினைவு, அமரர் சவரிராயன் அவர்களைப் பற்றியது அல்ல என்று தோன்றுகிறது. தவறுதலாக வேறொருவரின் நினைவை இங்கே சேர்த்துவிட்டீர்களா? விரும்பினால் அவருக்கென்று தனிப்பக்கம் தொடங்கலாம்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த கணவனிடம் போய் நீட்டினாள்.

"என்னங்க, எட்டு வருசம் நம்ம வீட்டுல இருந்தது யாரு?"

அருள்தாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தான். "எங்கப்பா இல்லங்குதா இது?"

"ஆமா. உங்கப்பா வேற, நான் சோறு போட்டவரு வேறயாம்."

"அப்ப அந்தாளு யாருன்னு கேளு. சாப்பிட்டதுக்காவது ஒரு கணக்கு வேணும்லா" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி செய்திக்குள் போனான். அவனுக்கு எதுவும் சிரிப்பாக முடிந்துவிட வேண்டும். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த ஒரே சொத்து அது.

சவரிராயன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைக் கயிற்றில் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. மேலே இருப்பவன் போடும் சத்தம் கீழே இருப்பவனுக்குக் கேட்காவிட்டால் ஒரு தலை போய்விடும் என்பதால், வாழ்நாள் முழுக்கக் கத்தியே பேசினார். வின்ச்சுக்கு ஆளே வேண்டாம் என்று ஆன பிறகும் சத்தம் குறையவில்லை. மூத்த மகன் லூர்துராஜ் சென்னையில், மகள் புஷ்பம் மதுரையில், இளையவன் அருள்தாஸ் இங்கேயே. வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டபோது மனிதர் யாருடன் இருப்பது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. கட்டில் ஏற்கெனவே இங்கே கிடந்தது, அதனால் அவரும் இங்கேயே கிடந்தார். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்த ரெஜினா, காலையில் அவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டுப் பள்ளிக்குப் போவாள். சாயங்காலம் வந்து மறுபடி முதலிலிருந்து.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் லூர்துராஜின் மகள் ஷெரின் நினைவில்லத்தில் பக்கத்தைத் தொடங்கினாள். இப்போதெல்லாம் கல்லறையில் பெயர் பொறிக்கிறார்களோ இல்லையோ, பக்கம் தொடங்காமல் இருப்பதில்லை. பள்ளியில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொன்னால்கூட, பிள்ளைகள் முத்திரையிட்ட பக்கத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்கிறார்கள். ஷெரின் அட்டைப் படத்தை வைத்தாள், பிறப்பு இறப்புத் தேதிகளை இட்டாள். பங்களிப்பு 'குடும்பத்தினருக்கு மட்டும்', பார்வை 'இணைப்பு உள்ள அனைவருக்கும்' என்று அமைத்தாள். வாட்ஸப் குழுவில் அழைப்பு இணைப்பைப் போட்டுவிட்டு, "சித்தி, ஆல்பம் எல்லாம் உங்ககிட்டதான இருக்கு, நீங்களே பாத்துக்கோங்க" என்று பொறுப்பாளர் உரிமையை ரெஜினாவுக்கு மாற்றிக் கொடுத்தாள். ஆக, மனிதரைப் பார்த்துக்கொண்டதைப் போலவே பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் ரெஜினாவிடம் வந்து சேர்ந்தது.

அது லேசான வேலையாக இல்லை. ஆல்பத்தின் பழைய படங்களை ஜன்னலோரம் வைத்து, கண்ணாடித்தாள் மினுங்காதபடி சாய்த்துப் பிடித்து, ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏற்றினாள். உறவினர்கள் அனுப்பியவை வாட்ஸப் வழியாக வந்ததால் அவை எடுக்கப்பட்ட தேதி கழன்று போயிருந்தது. பக்கம் அவற்றை வந்து சேர்ந்த தேதியில் வைத்துக்கொண்டது. காலவரிசைப்படி சவரிராயன் ஒரு வியாழக்கிழமை இறந்தார், வெள்ளிக்கிழமை சிறுவனாகப் புதுநன்மை வாங்கினார், சனிக்கிழமை கல்யாணம் செய்துகொண்டார். ஒவ்வொன்றின் தேதியையும் கையால் திருத்தினாள். ஒரு முகத்துக்குப் பெயர் கொடுத்ததும், பக்கம் மற்றப் படங்களிலும் அந்த முகத்தைத் தேடி, "இவர் சவரிராயனா?" என்று கேட்டது. இறந்துபோன அவர் தம்பியின் படத்துக்கெல்லாம் 'இல்லை' என்று அழுத்திக் கொடுத்தாள். ஒரே படம் நாலு பேரிடமிருந்து வந்தபோது தெளிவானதை வைத்து மற்றவற்றை நீக்கினாள். யார் எதைச் சேர்த்தாலும் முதலில் அவளுடைய ஒப்புதல் வரிசையில் வந்து நிற்கும். அவள் தொட்டால்தான் பக்கத்தில் தோன்றும்.

நினைவுகள் வந்து குவிந்தன. 'அன்பே உருவானவர்.' 'அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்.' 'எவருக்கும் பாரமில்லாமல் வாழ்ந்து, அமைதியாக இறைவனடி சேர்ந்தவர்.' ரெஜினா முதலில் திகைத்தாள். பிறகுதான் புரிந்தது. அடக்கத்தன்று தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பேனரிலிருந்த வாசகங்கள் அவை. என்ன எழுதுவதென்று தெரியாதவர்கள் பேனரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். பேனரின் வாசகத்தை எழுதியவன் கடையில் இருந்த வடிவமைப்பாளன். அவன் சவரிராயனைப் பார்த்ததே இல்லை. இறந்தவர்களைப் பற்றி அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்து, ரெஜினா எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தாள்.

அவளுடைய நினைவுகளைக் கடைசியாகத்தான் சேர்த்தாள். முதலூர் மஸ்கோத்து அல்வாவைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்து, எறும்பு வந்த பிறகு, "ஏட்டி, எறும்புக்கும் சக்கர வியாதி வந்துரப் போவுது, தட்டிவிடு" என்று சொன்னது. சீட்டாடும்போது ஜோக்கரைப் போர்வைக்குள் விட்டது. நற்கருணை அப்பம் கொண்டுவந்த சாமியாரிடம், "இவ்வளவு தூரம் வந்திய, கொஞ்சம் ஒயினும் கொண்டாந்திருக்கலாம்லா?" என்று கேட்டது. நடுவில், அவள் சோறு ஊட்டியது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது, குளிப்பாட்டும்போது ஒரு நாள் அவர் அழுதது. கூடவே, அவர் திட்டிவிட்டுச் சிரிக்கிற ஒரு குரல் பதிவு.

எல்லாம் சாம்பல் நிறத்தில் நின்றன.

அந்த ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் உதவி மையத்தை அழைத்தாள். மதுவந்தி என்று ஒரு பெண் பேசினாள். குரலில் ஒரு மருத்துவமனை வரவேற்பறையின் பணிவு இருந்தது.

"உங்க இழப்புக்கு ஆழ்ந்த இரங்கல் மேடம். சொல்லுங்க."

ரெஜினா சொன்னாள்.

"பாத்துட்டேன் மேடம். உங்க பக்கம் ரொம்ப நல்ல நிலையில இருக்கு. ஒத்திசைவு தொண்ணூத்தாறு சதவீதம். இவ்வளவு நான் பாத்ததே இல்ல."

"ஒத்திசைவுன்னா?"

"சேர்க்கிற நினைவுகள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு பொருந்துதுங்கிறது. மூணு வேற வேற வீட்டுக்காரங்க ஒரு விஷயத்தைச் சொன்னா அது உறுதி ஆகும், பொன் நிறத்துக்கு வரும், மேல இருக்கிற வாழ்க்கைக் கதையில சேரும். யாரும் சாட்சி சொல்லலைன்னா சாம்பல்ல நிக்கும். வருச நினைவு நாள்ல பக்கத்துக்கு முத்திரை விழும்போது சாம்பல்ல இருக்கறது எல்லாம் நீங்கிடும்."

"எதுக்கும்மா இந்தச் சாட்சி எல்லாம்? கோர்ட்டா நடத்துதீங்க?"

மதுவந்தி குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "கோர்ட்டுக்குப் போனதுனாலதான் மேடம். முன்னாடி யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சேக்கலாம். 'தாத்தா மேலூர் வீட்டை எனக்குத்தான்னு சொன்னார்'னு ஒருத்தர், 'இல்ல எனக்கு'ன்னு இன்னொருத்தர். அதை ஆதாரம்னு கொண்டு போனாங்க. அதுக்கப்புறம்தான் இந்த விதி."

"சரி. நான் சொன்னது நடந்தது. நான் பாத்தது."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரும் சொல்லலை மேடம். ஆளு வேறயோன்னுதான் கேக்குது. பாருங்க, 'அதிர்ந்து பேசாதவர்'க்கு ஏழு சாட்சி. உங்க குரல் பதிவுல இருக்கறவர்…" கொஞ்சம் தயங்கினாள். "கேட்டேன் மேடம். கடுஞ்சொல் வடிகட்டியிலயும் மாட்டியிருக்கு."

"காப்பி நல்லால்லன்னு சொல்லுதாவ. அவ்வளவுதான்."

"அதை அவர் சொன்ன விதம் மேடம். அப்புறம், இதுதான் முக்கியம். 'எவருக்கும் பாரமில்லாமல் வாழ்ந்தவர்'க்கு ஒன்பது சாட்சி. குளிப்பாட்டினது, உணவு ஊட்டினது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டதுன்னு நீங்க சேர்த்தது எல்லாம் அதோட நேரடியா முரண்படுது. பாரமே இல்லாதவரை எட்டு வருசம் தூக்கினேன்னு சொல்றீங்க."

அந்த ஒன்பதுக்கும் ஒப்புதல் கொடுத்தது ரெஜினாவின் விரல்தான்.

"எங்க வீட்டுக்காரர் சாட்சி சொன்னா?"

"ஒரே வீட்டுல இருக்கறவங்க எல்லாம் சேர்ந்து ஒரு சாட்சி மேடம். இன்னும் ரெண்டு வீடு வேணும். அதுவும் குடும்பத்துக்குள்ள. அந்த அமைப்பைப் பத்து மாசத்துக்கப்புறம் மாத்த முடியாது."

"தனிப்பக்கம் தொடங்கினா?"

"தொடங்கலாம். ஆனா அதே பேரு, அதே தேதி போட்டா இரட்டைப் பக்கம்னு ரெண்டையும் இணைச்சிடும். முகம் ஒத்துப்போனாலும் கேக்கும். இணைஞ்சா முத்திரையிட்ட பக்கம்தான் நிக்கும் மேடம், அதோட ஒத்துவராதது அழிஞ்சிடும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம்மா."

"நன்றி மேடம். உங்க மாமனார் கொடுத்து வச்சவர்" என்றாள் மதுவந்தி. மனமாரத்தான் சொன்னாள். அவள் கண்ணெதிரே தொண்ணூற்றாறு சதவீதம் மின்னிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே லூர்துராஜை அழைத்தாள். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பேசும்போதுகூட எங்கே கையெழுத்து வேண்டும் என்று பார்ப்பவர்.

"பெரியத்தான், ஒரு நாலஞ்சு நினைவுக்கு நீங்களும் 'ஆம், அறிவேன்'னு அழுத்தினா போதும். புஷ்பம் மைனிகிட்டயும் கேக்கப் போறேன்."

"படிச்சேன் ரெஜினா. அல்வா, சீட்டு, சாமியார்."

"நடந்ததுதான?"

"நடந்துதான் இருக்கும். எங்கப்பாவ எனக்குத் தெரியாதா? ஆனா நாளைக்கு என் பேரப்புள்ள படிப்பான். அவங்க தாத்தாவுக்கு அப்பா, சாமியார்கிட்ட ஒயின் கேட்டாருன்னா படிக்கணும்?"

"அன்பே உருவானவர்னு படிச்சா போதுமா?"

"அதுல என்னம்மா குத்தம்?"

"குத்தம் ஒண்ணுமில்ல அத்தான். அது யாருன்னுதான் எனக்குத் தெரியல."

லூர்துராஜ் சிரிக்கவில்லை. "இந்தாப் பாரு. நீ செஞ்சத யாரும் மறுக்கல. உன்ன மாதிரி யாரும் பாக்க மாட்டாங்கன்னு நானே எத்தன பேர்கிட்ட சொல்லிருக்கேன். ஆனா அப்பா படுத்துக் கெடந்தத, பேண்டத, அழுதத ஊருக்குப் படிக்கக் குடுக்கணுமா? கௌரவமா போனாருன்னு இருக்கட்டுமே."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று ரெஜினாவால் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

புஷ்பம் மைனி அழுதுவிட்டாள். "ஏ ரெஜினா, அப்பா உங்கிட்ட கெடந்தாவன்னு எழுதுனா, மக ஏன் பாக்கலன்னு கேக்க மாட்டாங்களா? எங்க மாமியார் கெடையில கெடந்த நேரம் அது, உனக்குத் தெரியாதா? எனக்கு எங்கட்டி ரெண்டு ஒடம்பு?"

"நான் உங்களச் சொல்லல மைனி."

"நீ சொல்லல. பக்கம் சொல்லும்லா?"

சாம்பல் நிறத்தில் நின்றது தன் எட்டு வருஷம் மட்டுமல்ல, மற்றவர்களின் எட்டு வருஷமும்தான் என்று ரெஜினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுடையது பொன் நிறமானால் அவர்களுடையது கறுத்துவிடும்.

அடுத்த வாரம் அவளே ஒரு காரியம் செய்து பார்த்தாள். பேனர் நடையில் ஒரு வரி எழுதினாள்: 'மருமகளைத் தன் மகளாகவே பாவித்தவர்.' சவரிராயன் அவளை மகளாக ஒருநாளும் பாவித்ததில்லை. மகளை இப்படித் திட்டியிருந்தால் அவள் என்றோ மதுரையை விட்டு வெளிநாட்டுக்கே போயிருப்பாள். மாலைக்குள் நாலு வீட்டிலிருந்து சாட்சி வந்து வரி பொன் நிறமானது. "ஒத்திசைவு தொண்ணூற்றேழு சதவீதம். வாழ்த்துகள் ரெஜினா" என்றது பக்கம்.

அன்றுதான் அவள் 'தனிப்பக்கம் தொடங்கு' என்ற பொத்தானைத் தொட்டாள்.

பெயர் கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்து, 'தெரியவில்லை' என்று குறித்தாள். பிறந்த தேதி: தெரியவில்லை. இறந்த தேதி: தெரியவில்லை. உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று ஒரு பட்டியல் விரிந்தது. மகன், மகள், மருமகள், பேரன் என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் இருந்த 'அறிந்தவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பங்களிப்பு: இணைப்பு உள்ள யாரும், பெயர் சொல்லாமலும். கடுஞ்சொல் வடிகட்டி: அணை. படங்கள்: வேண்டாம். முகம் அகப்பட்டால் காரியம் கெட்டுவிடும். சாம்பல் நினைவுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'இடம் மாற்று' கொடுத்தாள். கடைசியாகக் குரல் பதிவை மாற்றினாள்.

அட்டைப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். அதன் கீழே, 'பெயர் தெரியாதவர்.' அதற்கும் கீழே, 'இவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.' ரெஜினா ஏற்றினாள்.

"என்னடி, திருட்டுத்தனமா இன்னொரு குடும்பம் வச்ச மாதிரி இருக்கு" என்றான் அருள்தாஸ். ஆனால் குரல் பதிவை அவன்தான் முதலில் கேட்டான். அறைக்குள் போய்க் கேட்டுவிட்டு, வெளியே வர நேரமாகியது.

இணைப்பை அவள் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினாள். மாமாவோடு தினமும் சீட்டாட வந்துகொண்டிருந்த பொன்னுச்சாமி அண்ணாச்சி. அவரும் பழைய துறைமுகத்துக்காரர். மறுநாள் அழைத்தார்.

"தாயி, பேரில்லாத ஆளுன்னு போட்டிருக்கியே, இந்தக் களவாணிய எனக்குத் தெரியும் தாயி. ஜோக்கரப் போர்வைக்குள்ள விட்டது ஒருக்கதான்னு எழுதிருக்க. தப்பு. தெனமும் விடுவான்."

"சேத்துருங்க அண்ணாச்சி. போட்டோ மட்டும் போட்டுராதிய."

"அதெல்லாம் போடல. இன்னும் நாலு பேருக்கு அனுப்பட்டா? அவன்கிட்டத் தோத்தவன் பூராவும் காத்துக் கெடக்கான்."

அடுத்த மூன்று வாரத்தில் ஒப்புதல் வரிசை நிரம்பியது. அல்வாவை யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகக் கொடுத்தது தான்தான் என்று பலகாரக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். முடி வெட்ட வீட்டுக்கு வந்தவர், தலையில் மிச்சமிருந்த இருபது முடிக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டதை எழுதினார். மாற்றலாகிப் போயிருந்த சாமியார்கூட வந்தார்: 'ஒயின் கேட்டது உண்மை. மறுமுறை கொண்டுபோனேன். இதை ஆயருக்குத் தெரிவிக்க வேண்டாம்.' ஒவ்வொன்றாகப் பொன் நிறம் ஏறியது. பெயர் தெரியாதவருக்கு ஒரு வாழ்க்கைக் கதை உருவாகத் தொடங்கியது. 'இவர் உரக்கப் பேசுவார். சீட்டில் ஏமாற்றுவார். இனிப்பை ஒளித்து வைப்பார். கடைசி எட்டு ஆண்டுகள் இவரை ஒரு பெண் பார்த்துக்கொண்டார். அவர் போட்ட காப்பி நன்றாக இருக்காது.'

ரெஜினா அதைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் வைத்துப் படித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வருஷ நினைவுப் பூசை சனிக்கிழமை காலை. எல்லாரும் வந்திருந்தார்கள். நினைவு அட்டையில் மாமா கோட்டுப் போட்டுப் புன்னகைத்தார். கோட்டு ஸ்டுடியோக்காரர்கள் போட்டுவிட்டது. படத்துக்குக் கீழே, பக்கத்துக்கு இட்டுச்செல்லும் க்யூஆர் குறி. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், லூர்துராஜ் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, பக்கத்தைத் தொலைக்காட்சித் திரையில் போடச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு முத்திரை விழுந்தது. திரையில் பொன்னிற வளையம் சுழன்று நின்றது. ஒத்திசைவு நூறு சதவீதம்.

முத்திரை விழுந்த பக்கத்தோடு பேசலாம். உறுதியான நினைவுகளிலிருந்து அது பதில் சொல்லும். ஷெரின் தன் ஐந்து வயது மகளை முன்னால் தள்ளினாள். "கேளுடா செல்லம், பூட்டன்கிட்ட என்ன வேணா கேளு."

"பூட்டனுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

"அவர் எளிமையான உணவை விரும்பினார்" என்றது பக்கம்.

"எப்படிச் சிரிப்பாங்க?"

"அவர் முகத்தில் எப்போதும் புன்னகை தவழும்."

"கோவம் வருமா?"

"அவர் அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "அப்ப அவங்க யார்கிட்டயும் பேசவே மாட்டாங்களா?"

பெரியவர்கள் சிரித்தார்கள். குழந்தை இறங்கிப் போய்விட்டது. புஷ்பம் மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா தங்கம்லா" என்றாள். பிறகு யாருக்கும் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. திரையில் கேள்விக்காக ஒரு கோடு துடித்துக்கொண்டே இருந்தது. யாரோ பிரியாணி ஆறிப்போகும் என்றார்கள்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது ரெஜினாவின் கைப்பேசி அதிர்ந்தது. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். பெயர் தெரியாதவரின் பக்கத்துக்கு ஒரு புதிய பங்களிப்பு. சேர்த்தவர்: விருந்தினர்.

'எனக்கு இந்த ஆளைத் தெரியும். எனக்கு எட்டு வயசு இருக்கும். ஸ்லேட்டை உடைத்ததற்காகக் காலையில் பெல்ட்டால் அடித்தார். மதியம் பள்ளிக்கூடத்துக்கே வந்து, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், கப்பலில் ஏற்றி, மடியில் வைத்து வின்ச் ஓட்டவிட்டார். ஃபோர்மேன் கீழேயிருந்து கத்தினார். இவர் மேலேயிருந்து திருப்பிக் கொடுத்த வார்த்தைகளை என்னால் இங்கே எழுத முடியவில்லை. அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் நான் கேட்டதே இல்லை. நான் அவரோடு அதிகம் இருக்கவில்லை. போன வாரம் பொன்னுச்சாமி அனுப்பி, இந்தப் பக்கத்திலுள்ள பதிவில்தான் மறுபடி கேட்டேன். அவரைப் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி.'

கீழே ஒரு படம். ஓரம் மஞ்சளடித்த பழைய படம். வின்ச்சின் இருக்கையில் பனியனோடு ஒரு மனிதர், உதட்டில் பீடி, வாயை அவ்வளவு அகலமாகத் திறந்து சிரித்ததில் கண்ணே காணவில்லை. மடியில் பெரிய காதுகளோடு ஒரு சிறுவன்.

ரெஜினா அடுப்படி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். பந்தியின் ஓரத்தில் லூர்துராஜ் இலையில் கையை வைத்தபடி குனிந்திருந்தார். காதுகள் இன்னும் அவ்வளவு பெரியதாகவே இருந்தன. மேசைக்கு அடியில் மடியில் கைப்பேசி வெளிச்சம்.

அவள் ஒப்புதலைத் தொட்டாள். படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஏற்றிருக்கலாம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆல்பம் முழுக்கத் தேடியும் மாமா வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றுகூட அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை.

பயந்தது உடனே நடந்தது.

"வணக்கம் ரெஜினா. இப்படத்தில் உள்ளவர், நீங்கள் பொறுப்பாளராக உள்ள முத்திரையிட்ட பக்கத்தின் அமரர் சவரிராயன் அவர்களைப் போல் தோன்றுகிறார். இருவரும் ஒருவரா?"

இல்லை என்று தொட்டாள்.

"முக ஒற்றுமை மிக அதிகமாக உள்ளது. இருவரும் ஒருவராயின் பக்கங்கள் இணைக்கப்படும். உறுதியாகச் சொல்லுங்கள். இவர் உங்கள் மாமனார் சவரிராயனா?"

கூடத்தில் அருள்தாஸ் எதற்கோ சத்தமாகச் சிரித்தான். அப்பாவின் சிரிப்பேதான். அவள் இல்லை என்று தொட்டாள்.

"கடைசியாக ஒருமுறை கேட்கிறோம். இதற்குப் பிறகு மாற்ற இயலாது. இந்த மனிதரை உங்களுக்கு உறவாகத் தெரியுமா?"

பெரிய வியாழன் இரவில், சேவல் கூவுவதற்குள் தன் ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்த சீடனைப் பற்றி வருஷா வருஷம் கோவிலில் வாசிக்கும்போது, அந்த ஆளின் மேல் ரெஜினாவுக்கு எப்போதும் கொஞ்சம் ஏளனம் உண்டு.

"இல்லை" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு தொட்டாள்.

"நன்றி. பக்கங்கள் தனித்தனியே பராமரிக்கப்படும்."

எந்தச் சேவலும் கூவவில்லை. வீட்டில் இருந்தது காலையிலேயே பிரியாணிக்குள் போயிருந்தது. ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய், லூர்துராஜின் இலையில் கேட்காமலே ஒரு கறித்துண்டை வைத்தாள்.

"காப்பி போடவா பெரியத்தான்?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போடு" என்றார். "நல்லாருக்காதுன்னு கேள்விப்பட்டேன்."